60 நாள் முடியறவரை இருக்கறதா, இப்பவே பெயிலுக்கு ஓடறதா? சார்ஜ்ஷீட் வராத கேஸ்ல எது எப்ப சரி

நான் வேலூர்ல ஒரு கிரிமினல் வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருக்கேன், 14 வருஷம் ஆகுது. போன வருஷம் ஜூலை நடுவுல குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா சத்துவாச்சாரி கோர்ட்டு வாசல்ல என்னைப் பிடிச்சு கேட்டாங்க, "தம்பி, நகைய வெச்சு பணத்த கட்டிட்டு புள்ளைய இட்டுனு வந்துடட்டா, இல்ல இன்னும் 20 நாள் பொறுத்தா சும்மாவே விட்டுடுவாங்கன்னு சொல்றாங்களே அது நெஜமா, இன்னா பண்றது சொல்லு". அவங்க பீடி சுத்தறவங்க. இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு குடும்பமாவது கேக்கறாங்க, அதனால அவங்க கேஸையே வெச்சு எழுதறேன், பேர் ஊரு எல்லாம் விட்டுட்டு.

முதல்ல கேஸ். பையன் மேல வேலை வாங்கித் தரேன்னு மூணு பேர்கிட்ட பணம் வாங்கி ஏமாத்திட்டான்னு புகார், புது தண்டனைச் சட்டம் பி.என்.எஸ்.ல 318(4), பழைய ஐ.பி.சி. 420. 2025 ஜூன் 4 ராத்திரி பிடிச்சாங்க, ஜூன் 5 வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தி ரிமாண்ட் பண்ணி தொரப்பாடி ஜெயில்ல வெச்சாங்க. மாஜிஸ்திரேட் கோர்ட்ல போட்ட பெயில் மனு தள்ளுபடி. அப்புறம் செஷன்ஸ்ல போட்டாங்க, 23-வது நாள் பெயில் கிடைச்சுது, ஆனா ஆர்டர்ல 3 லட்சம் ரூபாய் கோர்ட்ல டெபாசிட் பண்ணணும்னு ஒரு கண்டிஷன். அக்காகிட்ட நகையை வெச்சாலும் ஒண்ணரை லட்சம் தேறாது, மீதிக்கு வட்டிக்காரன்கிட்டதான் போகணும். அதனால பெயில் கையில இருந்தும் பையன் உள்ளயே. அக்கா என்னைக் கேட்ட அன்னிக்கு 41-வது நாள்.

இப்ப சட்டம் இன்னா சொல்லுது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சி.ஆர்.பி.சி.ல 167(2), 2024 ஜூலை 1-ல இருந்து அது புது நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ்.ல 187(3). தூக்கு, ஆயுள், இல்ல 10 வருஷம் அதுக்கு மேலன்னு தண்டனை இருக்கற கேஸுக்கு 90 நாள், மத்த கேஸுக்கு 60 நாள். அதுக்குள்ள போலீஸ் விசாரணைய முடிச்சு இறுதி அறிக்கை, அதாவது நாம சொல்ற சார்ஜ்ஷீட், கோர்ட்ல போட்டாகணும். போடலன்னா, ஜாமீன் குடுக்க தயார்னு சொல்ற ஆளை மாஜிஸ்திரேட் அதுக்கப்புறம் உள்ள வெக்க முடியாது. குற்றம் செஞ்சானா இல்லையா, எவ்ளோ பெரிய தொகை, வெளிய வந்தா சாட்சிய மிரட்டுவானா, இதெல்லாம் அங்க கேள்வியே கிடையாது. நாள் ஓடிச்சா, சார்ஜ்ஷீட் வந்துச்சா, இவ்ளோதான். 318(4)-க்கு அதிகபட்சம் 7 வருஷம், அதனால இந்தப் பையனுக்கு 60 நாள் கணக்கு.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன், அந்த அக்கா மாதிரி எல்லாரும் நினைச்சுக்கறது "60 நாள் ஆனா விட்டுடுவாங்க"ன்னு. யாரும் தானா விடமாட்டாங்க. கேக்கணும். கேக்கறதுக்கு முன்னாடி சார்ஜ்ஷீட் வந்துட்டா அந்த உரிமை அதோட போச்சு, 1994-ல சஞ்சய் தத் கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் இதை சொல்லிடுச்சு. இதை மனசுல வெச்சுக்கிட்டுதான் மேல பேசறத படிக்கணும்.

சரி, 41-வது நாள் அக்கா முன்னாடி மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, எப்படியாவது 3 லட்சத்தை பொரட்டி கட்டிட்டு நாளைக்கே கூட்டிட்டு வர்றது. ரெண்டாவது, அந்த கண்டிஷனை எடுக்கச் சொல்லி இல்ல குறைக்கச் சொல்லி மனு போடறது, செஷன்ஸ்லயோ சென்னை ஹைகோர்ட்லயோ. மூணாவது, 61-வது நாள் காலைல, சார்ஜ்ஷீட் வராததால உரிமையா கேக்கற டீஃபால்ட் பெயில் போடறது, எங்க ஆளுங்க இன்னும் 167(2) பெயில்னுதான் சொல்றாங்க.

பணம் கட்டறதுதான் கண்ணுக்கு ஈஸியா தெரியுது, ஏன்னா பையன் உடனே வந்துடுவான். ஆனா அந்தப் பணம் கோர்ட்ல போய் உக்காந்துக்கும், சாதாரணமா கேஸ் முடியறவரை திரும்ப வராது, மோசடி கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகும்னு கோர்ட்டு வாசல்ல நிக்கறவங்களுக்கு தெரியும், அதுவரைக்கும் வட்டி மட்டும் மாசாமாசம் ஓடிக்கிட்டே இருக்கும். 20 நாள் ஜெயிலையும் அஞ்சாறு வருஷக் கடனையும் ஒண்ணா நிறுத்திப் பாக்கணும். பையனுக்கு உடம்பு சரியில்லன்னா, ஆஸ்பத்திரி தேவைன்னா, நானே கட்டுங்கன்னுதான் சொல்லியிருப்பேன், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. இல்ல அது பொம்பளப் புள்ளையா, கைக்குழந்தை இருக்கறவங்களா இருந்தா 60 நாள்ங்கற பேச்சையே எடுக்கக் கூடாது, பொம்பளைங்களுக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும் சாதாரண பெயில்லயே சட்டம் தனியா இடம் குடுத்திருக்கு, அதைத்தான் முதல்ல கேக்கணும்.

கண்டிஷனை மாத்தற மனுவுக்கும் நல்ல அடிப்படை இருக்கு. 2023-ல ரமேஷ் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், பெயில் கோர்ட்டு ஏமாந்த பணத்த வசூல் பண்ணித் தர்ற இடம் கிடையாதுன்னு தெளிவா சொல்லியிருக்கு. அதை வெச்சு கேட்டா கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனா 41-வது நாள் அதைப் போட எனக்கு மனசு வரல, காரணம் சொல்றேன். மனு போட்டா அரசு வக்கீலுக்கு நோட்டீஸ் போகும், அவர் ஸ்டேஷனுக்கு போன் பண்ணி "இந்த கேஸ் இன்னா நிலைமைல இருக்கு, சார்ஜ்ஷீட் எப்ப"ன்னு விவரம் கேப்பாரு. அதுவரைக்கும் பத்து கேஸுக்கு நடுவுல இந்த ஃபைலை மறந்துட்டு இருந்த விசாரணை அதிகாரி ஐ.ஓ.வுக்கு அந்த போன்லதான் தேதி ஞாபகம் வரும். ஹைகோர்ட்ல அது லிஸ்ட் ஆகி, ரெண்டு வாய்தா போயி, ஆர்டர் வர்றதுக்குள்ள இங்க 58-வது நாள் சார்ஜ்ஷீட் போட்டுடுவாங்க, இது நான் கண்ணால பாத்தது ஒண்ணு ரெண்டு இல்ல. போலீஸ் நேரத்துக்கு சார்ஜ்ஷீட் போடறது அவங்க கடமை, அதுல தப்பு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நாம ஒரு வழிய தட்டும்போது இன்னொரு வழி மூடிக்கும்ங்கறத தெரிஞ்சுக்கிட்டு தட்டணும்.

அதனால என் கணக்கு இப்படி. 60 நாள் கேஸ்ல முதல் 30, 35 நாளுக்குள்ளன்னா சாதாரண பெயிலை முழுசா முயற்சி பண்ணுங்க, யாரையும் சும்மா 60 நாள் உள்ள உக்கார வெக்கறது பாவம், அதுவும் 50-வது நாள் சார்ஜ்ஷீட் வந்துட்டா காத்திருந்தது எல்லாம் வீண். 40-ஐ தாண்டிட்டா, முக்கியமா ஸ்டேஷன்ல வேலை மெதுவா போகுதுன்னு தெரிஞ்சா, புது மனு போடாம 61-வது நாளுக்கு தயாராகறது மேல். எங்க வக்கீலுக்கும் இதே அபிப்பிராயம்தான், ஆனா அவர் ஒண்ணு சொன்னாரு, உள்ள இருக்கறது அவன், அவனைக் கேக்காம நாம முடிவு பண்ணக் கூடாதுன்னு. அக்கா பாகாயம் பஸ் ஏறி தொரப்பாடி போய் மனு போட்டு பையனைப் பாத்தாங்க. "நான் இருந்துக்கறேம்மா, நகைய வெக்காத"ன்னு சொன்னானாம். அதை என்கிட்ட சொல்லும்போது அந்த அக்கா அழுதாங்க.

நடுவுல எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஏற்கெனவே செஷன்ஸ்ல பெயில் குடுத்தாச்சே, பணம் கட்டாதது இவங்க தப்புதானே, அப்புறம் எப்படி டீஃபால்ட் பெயில் கேக்கலாம்னு. இதே மாதிரி நம்ம தமிழ்நாட்டு கேஸ்தான் 2020-ல சரவணன் கேஸ்னு சுப்ரீம் கோர்ட் போச்சு. அதுவும் 420 கேஸ். சாதாரண பெயில்ல பணம் கட்டறேன்னு ஒத்துக்கிட்டு கட்ட முடியாம போயி, நாள் முடிஞ்சதும் டீஃபால்ட் பெயில் கேட்டாரு, ஹைகோர்ட் 8 லட்சம் டெபாசிட் பண்ணுன்னு சொல்லி பெயில் குடுத்துச்சு. சுப்ரீம் கோர்ட் அந்த 8 லட்சத்த எடுத்துடுச்சு. நாள் ஓடிச்சு, சார்ஜ்ஷீட் வரல, ஜாமீன் குடுக்க தயார், இந்த மூணு தவிர வேற இன்னாவும் கேக்கக் கூடாது, முன்னாடி சாதாரண பெயில்ல இன்னா ஒத்துக்கிட்டாங்கங்கறத இங்க கொண்டு வரக் கூடாதுன்னு சொல்லிச்சு. தினம் காலைல ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும்ங்கற கண்டிஷனையும் மாத்தி, கூப்பிடும்போது போனா போதும்னு ஆக்கிச்சு. டெபாசிட் கட்ட முடியாத குடும்பத்துக்கு ரெண்டு வழிக்கும் நடுவுல இருக்கற உண்மையான வித்தியாசம் இதுதான், சாதாரண பெயில்ல கோர்ட்டு பணம் கேக்குது, இதுல கேக்கறதுக்கு இடமே இல்ல.

இப்ப நாள் கணக்கு, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பிடிச்ச நாள்ல இருந்து எண்ணக் கூடாது, ரிமாண்ட் பண்ண நாள்ல இருந்து எண்ணணும். ரிமாண்ட் நாளையும் சேத்து எண்ணணுமா விட்டுட்டு எண்ணணுமான்னு ரொம்ப நாள் குழப்பம் இருந்துச்சு, 2023 மார்ச்ல கபில் வாதாவன் கேஸ்ல மூணு ஜட்ஜு பெஞ்ச் சேத்துதான் எண்ணணும்னு முடிச்சு வெச்சுட்டாங்க. அப்ப நம்ம பையனுக்கு ஜூன் 5-ல இருந்து 30 வரை 26 நாள், ஜூலை 31, ஆக மொத்தம் 57, ஆகஸ்ட் 3-ந்தேதி 60. அது ஞாயித்துக்கிழமை, ஆடிப்பெருக்கு. 61-வது நாள் ஆகஸ்ட் 4 திங்கக்கிழமை. காவலை நீட்டிக்கற ரிமாண்ட் எக்ஸ்டென்ஷன் தேதி ஆகஸ்ட் 14-ன்னு குறிச்சிருந்தாங்க, அக்கா அன்னிக்குத்தான் மனு போடணும்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, வீட்டுக் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருந்தாங்க. அந்த வட்டத்த அடிச்சுட்டு 4-ல போடச் சொன்னேன். வீடியோ கான்ஃபரன்ஸ்ல எக்ஸ்டென்ஷன் நடக்கற தேதிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. 60-வது நாளே போட்டா இன்னும் நாள் முடியலன்னு தள்ளிடுவாங்க, 61-க்கு அப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் ரிஸ்க்.

வேலை எல்லாம் முன்னாடியே முடிச்சு வெச்சோம். வக்காலத்துல ஜெயில் அத்தாட்சியோட கையெழுத்து வாங்கறதுக்கே ரெண்டு நாள் ஆகும், அதை ஜூலை கடைசிலயே வாங்கிட்டோம். மனு ரெண்டு பக்கம்தான், ரிமாண்ட் தேதி, செக்ஷன், அதிகபட்ச தண்டனை, நாள் கணக்கு, இன்னிக்கு இந்த நேரம் வரை இறுதி அறிக்கை வரல, ஜாமீன் குடுக்க தயார். கடைசி வரிய விட்டுடவே கூடாது, அது இல்லன்னா உரிமைய பயன்படுத்தினதாவே ஆகாது. ஜாமீன்தார் ரெண்டு பேரையும் முன்னாடியே பேசி, வீட்டு வரி ரசீது, வி.ஏ.ஓ. சர்டிபிகேட், ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ எல்லாம் ஒரு கவர்ல போட்டு வெச்சோம்.

4-ந்தேதி காலைல 10.20-க்கு மனுவ குடுத்தோம், வாங்கின நேரத்த மேல எழுதித் தரச் சொல்லி கேட்டு வாங்கினேன், என் பேனாவையே குடுத்தேன். அன்னிக்கே அரசு வக்கீல் ஏ.பி.பி. ரெண்டு எதிர்ப்பு சொன்னாரு. ரிமாண்ட் நாளை விட்டுட்டு எண்ணினா இன்னிக்குத்தான் 60-வது நாள்ங்கறது ஒண்ணு, அதுக்கு வாதாவன் தீர்ப்ப காட்டினாரு எங்க வக்கீல். நேத்து ஞாயிறு, லீவு, அதனால இன்னிக்கு வரை டைம் உண்டுங்கறது இன்னொண்ணு, சார்ஜ்ஷீட் போடற காலத்துக்கு லீவு கணக்கு செல்லாதுன்னு ஹைகோர்ட்டுங்க சொல்லிக்கிட்டு வந்திருக்கறத எடுத்து வெச்சாரு. கொரோனா சமயத்துல எல்லா காலக்கெடுவும் நீட்டினப்பவே சார்ஜ்ஷீட் போடறதுக்கு அது பொருந்தாதுன்னு காசி கேஸ்ல, அதுவும் நம்ம தமிழ்நாட்டு கேஸ்தான், சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கறப்ப ஒரு ஞாயித்துக்கிழமை எந்த மூலைக்குன்னு கேட்டாரு.

மத்தியானம் 3.40-க்கு சார்ஜ்ஷீட் வந்துச்சு. கட்டு கட்டா, சிவப்பு நூல் கட்டி, கான்ஸ்டபிள் கொண்டு வந்து வெச்சாரு. அக்கா என் கைய பிடிச்சுக்கிட்டாங்க, "போச்சா தம்பி"ன்னு. போகல. மனு முன்னாடியே போட்டாச்சு, ஆர்டர் வரல அவ்ளோதான், ஆர்டருக்கு நடுவுல சார்ஜ்ஷீட் வந்தா உரிமை அழியாது. வருவாய்ப் புலனாய்வுத் துறை டி.ஆர்.ஐ. போட்ட சென்னை கேஸு ஒண்ணு, எம். ரவீந்திரன் கேஸ், 2020 அக்டோபர்ல தீர்ப்பு, அதுல மனு காலைல 10.30-க்கு, அங்க சார்ஜ்ஷீட் மாதிரி போடற கூடுதல் புகார் அன்னிக்கே சாயங்காலம் 4.25-க்கு, சுப்ரீம் கோர்ட் பெயில் குடுத்தது சரின்னு சொல்லிச்சு. அதனாலதான் நேரத்த எழுதி வாங்கறதுல அவ்ளோ பிடிவாதம் பிடிச்சேன். அடுத்த நாள் ஆர்டர் ஆச்சு, ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு ரெண்டு ஜாமீன், டெபாசிட் இல்ல, கூப்பிடும்போது ஸ்டேஷனுக்கு போகணும். ஜாமீன் பேப்பர் கவர்ல தயாரா இருந்ததால அன்னிக்கே சரிபாத்து முடிஞ்சுது, 6-ந்தேதி பையன் வெளிய வந்துட்டான். ஆர்டர் வாங்கிட்டு சொன்ன டைமுக்குள்ள ஜாமீன் குடுக்கலன்னா, அதுக்குள்ள சார்ஜ்ஷீட்டும் வந்துட்டா, கையில இருந்த ஆர்டரும் போயிடும், அதனால அந்த கவரை சின்ன விஷயமா நினைக்காதீங்க.

இதே வழி எல்லா கேஸுக்கும் சரி வராது. அதே பையன் போலி அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அடிச்சு குடுத்திருந்தா, நடுவுல ஐ.ஓ. செக்ஷனை மாத்தற ஆல்ட்டரேஷன் ரிப்போர்ட் போட்டு பி.என்.எஸ். 338 சேத்தா, அதுல ஆயுள் வரைக்கும் தண்டனை இருக்கு, கணக்கு 90 நாளாயிடும், 61-வது நாள் மனு அடிபடும். அதனால 50 நாளுக்கு மேல வாரம் ஒருமுறையாவது கோர்ட் ஆபீஸ்ல செக்ஷன் ஏதாவது மாறிச்சான்னு பாக்கணும். 10 வருஷம் வரைன்னு மட்டும் போட்டிருக்கற செக்ஷன்னா, குறைஞ்சபட்சமே 10 வருஷமா இருந்தாதான் 90, இல்லன்னா 60-னு 2017-ல ராகேஷ் குமார் பால் கேஸ்ல சொன்னாங்க, புது சட்டத்துல வார்த்தை கொஞ்சம் மாறியிருக்கறதால போலீஸ் தரப்புல வாதம் பண்ணுவாங்க, அப்படிப்பட்ட கேஸ்ல 61-லயும் போட்டு, தள்ளினா 91-லயும் போடணும். கமர்ஷியல் குவான்டிட்டி கஞ்சா கேஸ்னா 180 நாள், அதையும் நீட்டிக்க வழி இருக்கு, அங்க காத்திருக்கறது வேற கணக்கு.

அடிதடி, ரவுடி லிஸ்ட் கேஸ்னா இன்னொரு பயம் தடுப்புக் காவல்ல வெக்கற குண்டாஸ், 1982-ம் வருஷத்து 14-வது சட்டம். வேலூர் மாவட்டத்துல கலெக்டர் ஆர்டர் போடுவாரு, 12 மாசம் வரைக்கும். அந்த ஆர்டர் ஜெயில்லயே கையில வந்துட்டா டீஃபால்ட் பெயில் கிடைச்சும் கதவு திறக்காது, ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனுதான் வழி. அந்த ஆர்டர்ல "பெயில்ல வெளிய வர வாய்ப்பு இருக்கு"ன்னு காரணம் எழுதணும், 2011-ல ரேகா கேஸ்ல பெயில் மனுவே நிலுவைல இல்லாதப்ப அப்படி எழுதினது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதால, இப்படிப்பட்ட ஆளுங்களுக்கு பெயில் மனு எப்ப போடறதுங்கறதையே வக்கீல்ங்க யோசிச்சுதான் போடுவாங்க. உங்க வீட்டு ஆள் மேல ஏற்கெனவே நாலஞ்சு கேஸ் இருந்தா இதை வக்கீல்கிட்ட வாயத் திறந்து கேட்டுடுங்க.

வெளிய வந்தப்புறம் அக்கா கேட்ட ஒரே கேள்வி, இப்ப சார்ஜ்ஷீட் வந்துடுச்சே, மறுபடி பிடிப்பாங்களான்னு. சார்ஜ்ஷீட் வந்துடுச்சுங்கற ஒரே காரணத்துக்காக இந்த பெயிலை ரத்து பண்ண முடியாது, 1992-லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனா 2023-ல கங்கி ரெட்டி கேஸ்ல, சார்ஜ்ஷீட்ல பலமான, தனியான காரணம் தெரிஞ்சா ரத்து கேக்கலாம்னு சொல்லியிருக்காங்க, சாட்சிய மிரட்டினா, வாய்தாவுக்கு வராம போனா எந்த பெயிலும் நிக்காது. புகார் குடுத்த அந்த மூணு பேர் வீட்டுப் பக்கமே போகாதன்னு பையன்கிட்ட வக்கீல் ரெண்டு தடவ சொன்னாரு. அடுத்த வாய்தா தேதிய ஒரு துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்தேன், அக்கா அதை மடிச்சு பர்ஸ்ல ரேஷன் கார்டோட சொருகி வெச்சுக்கிட்டாங்க.